பொருள்: பில்லிங் மென்பொருள் மாற்றம் – தேதி உட்பட மூன்று முடிவுகள் – நவம்பர் 11, புதன், மாலை 3:00 முதல் 3:45 வரை (திருத்திய அழைப்பு)

அனைவருக்கும் வணக்கம்.

திங்களன்று நான் அனுப்பிய அழைப்பில் “பில்லிங் மாற்றம் – பேசலாம்” என்று மட்டும்தான் இருந்தது. என்ன பேச, எதற்குப் பேச என்று நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த அழைப்பை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் என்றிருந்ததை 45 நிமிடமாகவும், பதினான்கு பேரை ஆறு பேராகவும் குறைத்திருக்கிறேன்.

எதற்காகக் கூடுகிறோம்

பழைய பில்லிங் மென்பொருளின் உரிமம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதியதற்கு எந்த வார இறுதியில் மாறுவது என்பதை இந்தக் கூட்டத்தில் முடிவு செய்தாக வேண்டும். இன்னும் ஒரு வாரம் தள்ளினால் நாம் முடிவெடுக்க வேண்டியதில்லை, காலண்டரே எடுத்துவிடும்.

கேட்கும் முடிவுகள்

முதலாவது, தேதி. நம் முன்னே இருப்பவை இரண்டு: நவம்பர் 21 சனிக்கிழமை அல்லது டிசம்பர் 5 சனிக்கிழமை. நடுவில் வரும் 28-ஐ நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செவ்வாயன்று மாதாந்திர பில் போக வேண்டிய நேரத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

நவம்பர் 21-க்கு ஆதரவாக ஒரு வலுவான காரணம் இருக்கிறது, கணக்குப் பிரிவு அதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அன்று மாறினால், டிசம்பர் 1-ஆம் தேதி பில்லைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். டிசம்பர் 5-க்குப் போனால், அடுத்த பில் ஜனவரி 1. அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் இருக்காது.

ஆனாலும் என் பரிந்துரை டிசம்பர் 5 தான். காரணம், சென்ற வாரம் நடந்த ஒத்திகை. மொத்தம் 18,240 வாடிக்கையாளர் பதிவுகளை மாற்றிப் பார்த்ததில் 312 பதிவுகள் சரியாக வரவில்லை. அதில் 197-இல் வாடிக்கையாளர் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போய்விட்டன. 004517 என்பது வெறும் 4517 ஆகிவிட்டது, ஏனென்றால் இடையில் யாரோ அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்திருக்கிறோம் (“யாரோ” என்பதில் நானும் உண்டு). இது ஒரு நாள் வேலை. 41 இரட்டைப் பதிவுகள்: ஒரே வாடிக்கையாளர், இரண்டு எண்கள். எதை வைத்துக்கொள்வது என்று கணக்குப் பிரிவு சொன்னால் போதும்.

மீதி 74 தான் எனக்குக் கவலை தருகிறது. கையால் பதிந்த பழைய ரசீதுகளில் நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதியிருக்கிறோம். புதிய மென்பொருள் அதைத் தலைகீழாகப் படிக்கிறது. 25/07 என்று வந்தால், 25-ஆவது மாதம் கிடையாது என்று அதுவே தடுத்துவிடுகிறது. அப்படித் தடுக்கப்பட்டவைதான் இந்த 74. ஆனால் 03/07 என்று வந்தால்? ஜூலை 3, சத்தமே இல்லாமல் மார்ச் 7 ஆகிவிடும். நாளும் மாதமும் இரண்டுமே பன்னிரண்டுக்குள் இருக்கும் ரசீதுகளில் எத்தனை இப்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. நிலுவையில் இருக்கும் ரசீதில் இப்படி நடந்தால், தாமதக் கட்டணம் தவறாகப் போய் நிற்கும். இதைப் பத்து நாளில் சரிபார்த்து முடிப்போம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஒப்பிடும் சிக்கலுக்கு ஒரு வழி தோன்றுகிறது: டிசம்பர் 28 திங்களன்று, யாருக்கும் அனுப்பாமல், இரண்டிலும் சோதனை பில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்காக 5-ஆம் தேதிக்குப் பிறகு வரும் பதிவுகளைப் பழையதிலும் போட்டு வர வேண்டும். இரட்டை வேலைதான். அது முடியுமா, முடியாதா என்பதைத்தான் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

இரண்டாவது, எத்தனை ஆண்டு விவரங்களைக் கொண்டு வருவது. ஒன்பது ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளையும், எவ்வளவு பழையதானாலும் நிலுவை உள்ளவற்றையும் மட்டும் மாற்றி, மற்றதைப் படிக்க மட்டும் முடிகிற கோப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பது யோசனை. ஆம் அல்லது இல்லை என்றால் போதும்.

மூன்றாவது, “நிறுத்து” என்று சொல்லும் ஆள் யார். வெள்ளி மாலை 6 மணிக்குப் பழையதைப் பூட்டுகிறோம், சனியன்று மாற்றம், ஞாயிறன்று சரிபார்ப்பு. திங்கள் காலை 9 மணிக்குக் கவுன்டர் திறந்து புதியதில் முதல் பணம் பதிவாகும் வரை பின்வாங்குவது எளிது. அதன்பிறகு ஒவ்வொரு பதிவையும் மறுபடி பழையதில் போட வேண்டியிருக்கும். எனவே ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு ஒரே ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். குழுவாகச் சேர்ந்து தொலைபேசியில் விவாதிக்கும் நேரம் அல்ல அது. பெயரைக் கூட்டத்திலேயே எழுதிவிடுவோம்.

வருமுன் செய்ய வேண்டியவை

இணைப்பில் இரண்டு பக்கக் குறிப்பும் 312 பதிவுகளின் பட்டியலும் இருக்கின்றன. குறிப்பை எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள், பத்து நிமிடம் ஆகும். கூட்டத்தில் அதை மறுபடி திரையில் போட்டு வாசிக்கப் போவதில்லை.

கணக்குப் பிரிவு மேலாளர்: 41 இரட்டைப் பதிவுகளில் எந்த எண்ணை வைப்பது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பழைய கணக்குகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பது கட்டாயம் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வந்தால் இரண்டாவது முடிவு ஐந்து நிமிடத்தில் முடியும்.

ஐடி பிரிவு: பழையதற்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும், ஒரு எண். ஒத்திகையில் மாற்றத்துக்கே 11 மணி நேரம் ஆனது நினைவிருக்கட்டும். தேதி இடம் மாறியிருக்கக்கூடிய ரசீதுகள் மொத்தம் எத்தனை என்பதும் வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை: மாதத் தொடக்கத்தின் முதல் வாரத்தில் பில் தொடர்பாக எத்தனை அழைப்புகள் வருகின்றன, கடைசி மூன்று மாதங்களுக்கு. டிசம்பர் 5-ஐ மறுக்க ஒரு நல்ல காரணம் உங்களிடம் இருந்தால் அது இந்த எண்ணில்தான் இருக்கும்.

கவுன்டர் பொறுப்பாளர் இருவரும்: சில வாரங்களுக்கு இரண்டிலும் பதிவது நடக்கிற காரியமா என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள்.

பேசப் போகாதவை

இந்த மென்பொருளை ஏன் வாங்கினோம் என்பது முடிந்துபோன கதை. புதிய அறிக்கைகளின் வடிவம், பயிற்சி அட்டவணை இரண்டுக்கும் தனியாகக் கூடுவோம். யாராவது ஆரம்பித்தால் நான் குறுக்கிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வர முடியாவிட்டால்

உங்களுக்குப் பதிலாக முடிவு சொல்லும் அதிகாரத்தோடு ஒருவரை அனுப்புங்கள், அல்லது மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலைச் செவ்வாய் மாலை 5 மணிக்குள் எனக்கு எழுதுங்கள். “கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்பவரை அனுப்ப வேண்டாம். கணக்குப் பிரிவும் ஐடி பிரிவும் இல்லாமல் கூட்டம் நடக்காது. இருவரில் ஒருவர் வர இயலாது என்றால் வியாழன் காலை 10 மணிக்கு மாற்றிவிடுகிறேன். அப்புறம், குறிப்பைப் படித்ததும் ஆறு பேருக்கும் ஒரே கருத்துதான் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கூட்டத்தையே ரத்து செய்துவிடலாம்.

பட்டியலிலிருந்து விடுபட்ட எட்டுப் பேரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த முடிவுகள் புதன் மாலை 6 மணிக்குள் உங்களுக்கும் வரும். முதல் முடிவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டியது இருந்தால் செவ்வாய்க்குள் எனக்கு நாலு வரி எழுதுங்கள், கூட்டத்தில் வாசிக்கிறேன்.

இடம்: இரண்டாம் மாடி, சிறிய கூட்ட அறை. வெளியிலிருந்து சேர்பவர்களுக்கான இணைப்பு இந்த அழைப்பிலேயே இருக்கிறது. சரியாக 3 மணிக்குத் தேதியில்தான் தொடங்குவேன், மற்ற இரண்டும் அதற்குப் பிறகு.

நன்றி.

ஒருங்கிணைப்பாளர், பில்லிங் மாற்றப் பணி

பி.கு.: 312 பதிவுகளின் பட்டியலை எக்செல்லில் திறந்து பார்க்கலாம், ஆனால் சேமிக்க வேண்டாம். பூஜ்யங்கள் மறுபடி போய்விடும்.