வெள்ளத்தால் பணித்தளத்துக்கான பாதை அடைபட்டமை: போர்ஸ் மஜர் அறிவித்தல்

2025 டிசம்பர் 10, புதன்கிழமை
திருகோணமலை

பெறுநர்: தொழில்தருநர் சார்பாக, பிரதிப் பணிப்பாளர் (பொறியியல்) அவர்கள்
பிரதி: பொறியியலாளர் அவர்கள்

வேலை: வெருகல் பிரதேசம், விவசாய வீதி மற்றும் இரு பெட்டி மதகுகள் புனரமைப்பு
தொடக்கம் 2025 ஜூலை 1, நிறைவு 2026 மார்ச் 31

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி வேலைக்கு 2025 நவம்பர் 28 காலை முதல் இன்று வரை எங்களால் பணித்தளத்தை அடைய முடியவில்லை. ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகள் (ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம்) 19.2இன்படி இது போர்ஸ் மஜர் அறிவித்தல். தடை தெரியவந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், அதாவது டிசம்பர் 12க்கு முன்னரே, இதைத் தருகிறோம். அதோடு 20.1இன் கீழான கோரல் அறிவித்தலாகவும் இக்கடிதத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். பொறியியலாளருக்கும் இன்றே பிரதி கையளிக்கப்படுகிறது. ஒரே விடயத்துக்கு இரண்டு கடிதம் அனுப்பி உங்கள் மேசையை நிரப்ப வேண்டாம் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறோம். மாரி மழை எங்களுக்குப் புதிதல்ல. திருகோணமலையில் வேலை எடுப்பவர் எவரும் கார்த்திகை, மார்கழியில் மழை பெய்யும் என்று தெரிந்துதான் விலை போடுகிறார். எங்கள் வேலைத்திட்டத்திலும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை 18 மழை நாட்களை ஒதுக்கியிருந்தோம். நவம்பர் 27 வரை அதில் 7 நாட்கள் செலவாகிவிட்டன. அவற்றுக்காக நாங்கள் எதுவும் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

இப்போது வேலையை நிறுத்தியிருப்பது தளத்தில் பெய்த மழை அல்ல. டித்வா புயல் மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. இதற்கு எங்கள் பதிவேட்டிலேயே சான்று உண்டு. தளப் பொறியியலாளர் வைத்திருக்கும் மழைமானியில் 27ஆம் திகதி 96 மி.மீ., 28ஆம் திகதி 131 மி.மீ. 29இல் அது 22 ஆகக் குறைந்தது. 30இல் வெறும் 3 மி.மீ. ஆனால் பிரதான வீதிச் சந்தியில் உள்ள மின்கம்பத்தில் ஒவ்வொரு நாள் காலையும் வர்ணத்தால் இடப்பட்ட கோடுகளைப் பாருங்கள்: 28இல் வீதி மட்டத்துக்கு மேல் 0.35 மீற்றர், 29இல் 0.70, 30இல் 1.15, டிசம்பர் 1இல் 1.40. மழை ஓய்ந்த பிறகுதான் தண்ணீர் ஏறியிருக்கிறது. 30ஆம் திகதி மாவிலாறு அணைக்கட்டு உடைந்த செய்தி வந்ததும் நிலைமை முற்றாகக் கைமீறிப் போனது. இன்று காலை அதே கம்பத்தில் 0.45 மீற்றர். வடிகிறது, ஆனால் மெதுவாக. வெருகல் ஆற்றுக்கு வடக்கே உள்ள இந்தத் தாழ்நிலத்துக்கு மேலேயிருந்து வரும் தண்ணீரும், இங்கேயே வயல்களில் தேங்கிய தண்ணீரும் கடலுக்கு விரைவாகப் போக வழி கிடையாது.

பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வேறு வழியால் போயிருக்கலாமே" என்ற கேள்வி வரும். மூன்று வழிகளையும் ஆராய்ந்தோம். கிண்ணியா, மூதூர் வழியாக 28ஆம் திகதி அனுப்பிய லொறி கிளிவெட்டிக்கு அப்பால் போக முடியாமல் திரும்பியது. வாகனப் பதிவேட்டில் புறப்பட்ட நேரம் காலை 5.40, திரும்பிய நேரம் பிற்பகல் 2.15. கந்தளாய்ப் பக்கமிருந்து சேருநுவர ஊடாக வர டிசம்பர் 2இல் முயன்ற பிக்கப் வண்டியும் பாதி வழியில் நின்றுவிட்டது. தெற்கே வாகரைப் பக்கமிருந்து வருவதை யோசித்தோம். அங்கிருந்து வந்தாலும் கடைசி 3.4 கிலோமீற்றர் கிறவல் வீதியைக் கடந்தே ஆக வேண்டும். அதில் இரண்டு பள்ளங்கள் உள்ளன. அவ்விரண்டும் இன்றும் மனிதன் நடந்து போக முடியாத ஆழத்தில்தான்.

டிசம்பர் 4இல் கடல் சற்று அமைதியானதும் மேற்பார்வையாளரும் நில அளவையாளரும் திருகோணமலையிலிருந்து படகில் மூதூருக்குப் போனார்கள். அங்கிருந்து உழவு இயந்திரத்தில் சந்தி வரை வந்து, தூரத்திலிருந்தே 2ஆம் இலக்க மதகின் இடத்தைப் படம் பிடித்தார்கள். படத்தில் தெரிவது மண்வெட்டி இயந்திரத்தின் உயர்ந்த கை ஒன்று மட்டுமே. அடித்தளக் குழி எங்கே, வாய்க்கால் எங்கே என்று பிரித்தறிய முடியாது. இப்படியொரு பயணத்தைத் தினமும் செய்வது ஆட்களின் உயிரோடு விளையாடுவதாகும்; ஆகவே மறுமுறை அனுப்பவில்லை.

எச்சரிக்கை கிடைத்ததும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களைப் பார்த்து 26ஆம் திகதியே வேலையை நிறுத்தி, பெக்கோவையும் கொங்கிறீட் கலவை இயந்திரத்தையும் மேட்டு நிலத்துக்கு நகர்த்தினோம். பெரிய மண்வெட்டி இயந்திரத்தை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. சேறு அதன் சங்கிலியைப் பிடித்துவிட்டது. 2ஆம் இலக்க மதகின் மண் தடுப்பணையை நாங்களே வேண்டுமென்றே வெட்டிவிட்டோம். அது வேலைக்கு நட்டம்தான், ஆனால் அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் மேலே தேங்கி அயலவர் வயல்களுக்குள் பாய்ந்திருக்கும். 340 சீமெந்துப் பைகளில் 294ஐ லொறியில் ஏற்றிக் காப்பாற்றினோம். 46 கட்டியாகிப் போயின. டீசல் பீப்பாய்கள் கட்டி வைக்கப்பட்டதால் ஒன்றும் கவிழவில்லை. 19 வேலையாட்களும் 27ஆம் திகதி மாலை அருகிலுள்ள பாடசாலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எவருக்கும் காயமில்லை. அவர்களில் 7 பேர் மூதூர் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் வீடுகளும் தண்ணீரில் இருப்பதால் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அவர்களை நாங்கள் வற்புறுத்தவும் மாட்டோம்.

மிச்சமுள்ள 12 பேரை டிசம்பர் 5 முதல் சீனக்குடாவில் உள்ள எங்கள் முற்றத்தில் வேலைக்கு அமர்த்தியுள்ளோம். மதகுகளின் பக்கச் சுவர்த் தொப்பிக் கற்களையும் வீதியோரக் கற்களையும் அங்கே வார்க்கிறார்கள். இவை எப்படியும் தேவைப்படுபவை, ஆகவே கடைசிக் கட்டத்தில் சில நாட்களை மீட்கலாம். 1ஆம் இலக்க மதகின் மேற்பலகையையும் தளத்தில் வார்க்காமல் முற்றத்தில் வார்த்துக் கொண்டுவந்து வைக்கலாமா என்று பொறியியலாளரிடம் கேட்கிறோம். அதற்கான வரைபடத்தை இந்த வாரமே தருவோம். அவர் இணங்கினால் தண்ணீர் வடிந்த பின் இன்னும் 8 நாட்கள் வரை மிச்சப்படும் என்பது எங்கள் மதிப்பீடு. இரண்டு நீரிறைக்கும் பம்புகளையும் திருகோணமலையில் முன்பதிவு செய்துள்ளோம். வெள்ளத்துக்குப் பின் எல்லாரும் பம்பு தேடி ஓடுவார்கள் என்பது தெரிந்ததே.

பதிவுகளைப் பற்றி ஒரு குறையை நாங்களே சொல்லிவிடுகிறோம். நவம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களின் தளக் குறிப்பேடு தளத்தில் எழுதப்பட்டதல்ல. ஆட்கள் முகாமில் இருந்தார்கள், தொலைபேசி வலையமைப்பும் இல்லை. தளப் பொறியியலாளர் தன் கையடக்க நோட்டில் எழுதி, டிசம்பர் 3இல் குறிப்பேட்டில் பிரதிசெய்தார். அந்த நோட்டின் படப்பிரதியையும் இணைத்துள்ளோம். மற்றவை அந்தந்த நேரத்தில் எழுதப்பட்டவை: வாகனப் பதிவேடு, மழைமானிப் பதிவு, மின்கம்பக் கோடுகளின் படங்கள் (நேரம், இடக் குறியுடன்), இயந்திரங்களின் ஓட்ட மணிப் பதிவு, 26ஆம் திகதி பொருட்களை நகர்த்திய பட்டியல், பிரதேசம் வெள்ளத்தில் இருந்தது பற்றிக் கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம். பதிவேடுகளின் மூலப்பிரதிகளை எங்கள் அலுவலகத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நிபந்தனை 19.1 கேட்கும் நான்கும் இங்கே உண்டு என்பது எங்கள் நிலைப்பாடு. தண்ணீர் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போது இதற்கு நியாயமான முன்னேற்பாடு செய்ய வழியில்லை. வந்த பின் நியாயமான முயற்சியால் தவிர்க்கவோ கடக்கவோ முடியவில்லை. அதற்கு நீங்கள் காரணமும் அல்ல. நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டதே இது சாதாரண மாரியல்ல என்பதைக் காட்டும்.

பாதிக்கப்பட்ட கடமை தெளிவாக இருக்க வேண்டும்: தளத்தில் செய்யவேண்டிய எல்லா வேலைகளும். முற்றத்து வேலையும் கடிதப் போக்குவரத்தும் தொடர்கின்றன. வேலைத்திட்டத்தில் காலத்தைத் தீர்மானிக்கும் பாதையில் இருப்பது 2ஆம் இலக்க மதகின் அடித்தளம். அதுதான் முற்றாக நின்றுள்ளது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 9 வரை 12 நாட்கள் போய்விட்டன. தடை தொடர்வதால் இறுதி எண்ணிக்கையை இப்போது சொல்வது நேர்மையாக இராது. 20.1இன்படி இடைக்காலக் கோரல் விபரத்தை 42 நாட்களுக்குள், அதாவது 2026 ஜனவரி 9க்குள் தருவோம். அதன்பின் மாதந்தோறும் புதுப்பிப்போம். அதில் மழைக்கென ஒதுக்கி மிச்சமுள்ள 11 நாட்களைத் தனியாகக் காட்டி, ஒரு நாளையும் இரு முறை எண்ணமாட்டோம்.

பணம் பற்றியும் மறைக்காமல் சொல்கிறோம். இயற்கை அனர்த்தத்துக்கு 19.4 தருவது கால நீடிப்பு மட்டுமே. தாமதச் செலவை நாங்கள் அதன் கீழ் கேட்கவில்லை. ஆனால் ஏற்கெனவே செய்து அளவிடப்பட்ட அடித்தளக் குழியும் கம்பி வேலையும் சேதமடைந்திருந்தால், 17.3, 17.4 நிபந்தனைகளின் கீழ் திருத்தச் செலவைக் கோரும் உரிமையைப் பாதுகாத்துக்கொள்கிறோம். சேதம் எவ்வளவு என்பது கண்ணால் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிட்டோம்.

சரி, உங்களிடம் வேண்டுவது இவைதான். இந்த அறிவித்தல் கிடைத்தமையை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தடையுள்ள நாட்களுக்குத் தாமத நட்டஈடு கணக்கிட வேண்டாம் என்று பொறியியலாளருக்கு அறிவியுங்கள். கிறவல் வீதியில் வாகனம் போகக்கூடியதாக இருக்கும் முதல் நாளிலேயே இருதரப்பும் சேர்ந்து தளத்தைப் பார்வையிட ஒருவரைப் பெயர் குறித்துத் தாருங்கள். சேறு காய்ந்து, ஆட்கள் தடம் பதித்த பின் அளவெடுத்தால் எவர் சொல்வது சரி என்று பின்னர் வாதாட வேண்டியிருக்கும். மேற்பலகையை முற்றத்தில் வார்ப்பது பற்றிய பொறியியலாளரின் முடிவு டிசம்பர் 19க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

தடை 84 நாட்கள் தொடர்ந்தால் என்ன என்று 19.6 சொல்கிறது. அந்த நிலைக்கு நாம் வரமாட்டோம் என்றே எண்ணுகிறோம். டிசம்பர் 1 முதல் நீர்மட்டம் சராசரியாகத் தினமும் 10 சென்றிமீற்றர் அளவில் குறைந்து வருகிறது. புதிய மழை இல்லையென்றால் டிசம்பர் இறுதிக்கு முன் பள்ளங்களைக் கடக்கலாம் என்பது மேற்பார்வையாளரின் கணிப்பு. அவர் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான் என்பதால் நாங்கள் அதை நம்புகிறோம். கம்பத்து நீர்மட்டத்தை ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்குப் பொறியியலாளருக்கு அனுப்புவோம். தடை நீங்கிய நாளில் 19.3இன்படி உங்களுக்குத் தனி அறிவித்தல் வரும்.

இப்படிக்கு,

முகாமைப் பணிப்பாளர்
ஒப்பந்தகாரர் சார்பாக

இணைப்பு: மேலே கூறிய பதிவுகள், 64 பக்கம், 38 படங்கள்