காஸ்ட் அக்கவுண்டிங்: ஏழு தாள்களை எண்ணிப் போட்ட வெயிட்டேஜ் சார்ட், நம் ஐந்து பேருக்கு

பேட்டை, முக்கூடல், சேரன்மகாதேவி, அம்பை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அதனால் சார்ட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எப்படி எண்ணினோம் என்று தெரியாமல் எண்களை மட்டும் பார்த்தால் தப்பாகத்தான் புரியும். எனக்கே முதல் நாள் அப்படித்தான் ஆனது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ஆளை ஊர்ப் பெயராலேயே சொல்லியிருக்கிறேன். நிதானமாக ஒரு முறை படித்துவிட்டு உங்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தாள்கள் 2016, 2017, 2018, 2019, 2022, 2023, 2024 நவம்பர் தேர்வுகளுடையவை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து எழுதியவற்றைச் சேர்க்கவில்லை. அப்போது கேள்வி கேட்ட விதமே வேறு. 2016, 2017 இரண்டும் முக்கூடல் மதினியின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மற்றவை சீனியர் அக்காக்கள் கொடுத்தவை. வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு செட் வைத்திருக்கிறேன். 2018 தாளின் கீழ்ப்பகுதி கிழிந்திருந்தது. அந்த வருஷம் எழுதிய அக்காவின் தாளைப் பார்த்து அதை நிரப்பினேன்.

முதல் நாள் நான் செய்த தப்பு இது. தாளில் அச்சாகியிருக்கும் மார்க்கையெல்லாம் யூனிட் வாரியாகக் கூட்டினேன். ஐந்து யூனிட்டுக்கும் ஒரே எண் வந்தது. வரத்தானே செய்யும்! நம் தாள் 75 மார்க். அ பிரிவில் ஒரு மார்க் கேள்வி பத்து, ஆ பிரிவில் ஐந்து மார்க் கேள்வி ஐந்து, இ பிரிவில் எட்டு மார்க் கேள்வி ஐந்து. ஆ, இ இரண்டிலும் யூனிட்டுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொன்றும் 'இது அல்லது அது'. அதாவது எந்த யூனிட்டாக இருந்தாலும் 2 + 5 + 8 = 15 மார்க்தான். யூனிட் அளவில் வெயிட்டேஜ் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. யூனிட்டுக்குள் இருக்கும் தலைப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் மொத்த மார்க்கைக் கூட்டக் கூடாது. 'இது அல்லது அது' இருப்பதால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தால், அந்த வருஷம் அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் ஒரு கோடு, முடியாது என்றால் இல்லை. ஏழு தாளுக்கு அதிகபட்சம் ஏழு கோடு. கீழே இருக்கும் எண்கள் அந்தக் கோடுகள்தான்.

எண்ணும்போது கேள்வியின் முதல் வரியைப் பார்த்து முடிவு செய்யவில்லை. 2019-இல் ஒரு கணக்கு காஸ்ட் ஷீட் என்றுதான் தொடங்குகிறது. கடைசி இரண்டு வரியில் அடுத்த வருஷத்துக்கு டெண்டர் விலை கேட்கிறார்கள். அது டெண்டர்தான். நானும் சேரன்மகாதேவியும் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டோம். 11 இடத்தில் வித்தியாசம் இருந்தது. அந்தப் பதினொன்றையும் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் தீர்த்தோம்.

சார்ட்டில் கடைசிக்கு முந்தைய பத்தி, போன ஞாயிற்றுக்கிழமை புத்தகம் பார்க்காமல் போட்டபோது நம் ஐந்து பேரில் எத்தனை பேருக்கு முழுதாக வந்தது என்பது. கடைசிப் பத்தி அந்தத் தலைப்புக்கு ஒருவர் ஒதுக்க வேண்டிய மணி நேரம். இன்னும் 20 நாள் இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு நாளொன்றுக்கு 2 மணி என்று வைத்தால் 40 மணி.

| யூனிட், தலைப்பு | 5 மார்க் வந்த தாள் | 8 மார்க் வந்த தாள் | முழுதாகப் போட்டவர் | மணி |
|---|---|---|---|---|
| 1. காஸ்ட் ஷீட் | 2 | 7 | 4 | 1 |
| 1. டெண்டர் | 0 | 4 | 2 | 2 |
| 1. தியரி (காஸ்ட் வகைகள் 6, காஸ்டிங் முறைகள் 6, 8 மார்க்கில் வேறு தியரி) | 7 | 3 | 3 | 2 |
| 2. ஸ்டோர்ஸ் லெட்ஜர் | 0 | 7 | 2 | 4 |
| 2. இஓக்யூ | 5 | 2 | 5 | 1 |
| 2. ஸ்டாக் லெவல் | 5 | 3 | 4 | 1 |
| 2. தியரி (ஏபிசி, பின் கார்டு) | 4 | 2 | 3 | 1 |
| 3. ஓவர்ஹெட் பிரிப்பு | 0 | 6 | 1 | 4 |
| 3. ஹால்ஸி, ரோவன் | 6 | 4 | 4 | 2 |
| 3. லேபர் டர்ன்ஓவர் | 5 | 0 | 4 | 1 |
| 3. மெஷின் அவர் ரேட் | 1 | 4 | 2 | 2 |
| 4. கான்ட்ராக்ட் அக்கவுண்ட் | 2 | 7 | 2 | 5 |
| 4. கான்ட்ராக்ட் தியரி | 4 | 0 | 3 | 2 |
| 5. பிராசஸ் அக்கவுண்ட் | 0 | 7 | 2 | 5 |
| 5. சின்ன இழப்புக் கணக்கு, ஜாப்–பிராசஸ் வேறுபாடு | 7 | 0 | 3 | 1 |
| 5. ஜாயின்ட் பிராடக்ட், பை-பிராடக்ட் | – | – | 0 | 3 |
| அ பிரிவு, எல்லா யூனிட்டும் | | | | 3 |

இனி ஒவ்வொன்றாக.

காஸ்ட் ஷீட் ஏழுக்கு ஏழு வந்திருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம்தான் கொடுத்திருக்கிறேன். அதிகம் வருவதற்கு அதிக நேரம் என்பது சரியில்லை. நாலு பேருக்கு ஏற்கெனவே கைவந்த கணக்கை நாள் முழுக்கப் போட்டால் மனசுக்குச் சுகமாக இருக்கும், மார்க் ஏறாது. அம்பைக்கு மட்டும் ஆபீஸ் ஓவர்ஹெட்டும் செல்லிங் ஓவர்ஹெட்டும் இடம் மாறுகிறது. அவள் டெண்டர் நேரத்திலிருந்து ஒரு மணி எடுத்துக்கொள்ளட்டும். டெண்டர் வந்த நாலு தாளும் 2019, 2022, 2023, 2024. எட்டு மார்க் தியரி வந்த மூன்று தாளும் 2016, 2017, 2018. அதனால் அந்த எட்டு மார்க் தியரியை விட்டுவிடலாம் என்பது என் முடிவு.

இரண்டாம் யூனிட்டில் எட்டு மார்க்குக்கு ஸ்டோர்ஸ் லெட்ஜர் ஒன்று போதும், ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை. ஆனால் ஃபிஃபோவும் வெயிட்டட் ஆவரேஜும் இரண்டையும் போட்டுப் பழக வேண்டும். பொருள் திரும்பி வரும் வரியில்தான் நம்மில் மூன்று பேர் தடுக்கினார்கள். ஐந்து மார்க்கில் இஓக்யூவும் ஸ்டாக் லெவலும் தனித்தனியாக ஐந்து தாள்தான், சேர்த்துப் படித்தால் ஏழு தாளும் அடங்கிவிடுகிறது. இஓக்யூ சூத்திரம் √(2AO ÷ C). வருஷத் தேவை 2,400, ஒரு ஆர்டருக்குச் செலவு ரூ.75, ஒன்றை வருஷம் முழுக்க வைத்திருக்க ரூ.4 என்றால், 2 × 2,400 × 75 ÷ 4 = 90,000; அதன் வர்க்கமூலம் 300. வருஷத்துக்கு 8 ஆர்டர். வைத்திருக்கும் செலவை விலையில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தால் முதலில் அதை ரூபாயாக மாற்றணும், அவ்வளவுதான்.

மூன்றாம் யூனிட்டுக்குத்தான் நான் நெடுநேரம் உட்கார்ந்தேன். ஓவர்ஹெட் பிரிப்பு எட்டு மார்க்கில் ஆறு தாள். வராத ஒரு தாள் 2022. அதில் ஹால்ஸி–ரோவனும் மெஷின் அவர் ரேட்டும் அல்லது போட்டு வந்திருக்கின்றன. ஆக, ஓவர்ஹெட் பிரிப்போடு ஹால்ஸி–ரோவனையும் படித்தால் எட்டு மார்க் ஏழு வருஷமும் கிடைத்திருக்கும். ஐந்து மார்க்கில் ஹால்ஸி–ரோவன் ஆறு, மீதி ஒரு வருஷம் லேபர் டர்ன்ஓவர். அதாவது மூன்று தலைப்பில் மொத்த யூனிட்டும் அடங்கும். நேரம் இழுத்துவிட்டால் முதலில் விட வேண்டியது மெஷின் அவர் ரேட். அதற்கான 2 மணியை ஓவர்ஹெட்டுக்குக் கொடுங்கள். ஓவர்ஹெட்டில் ஐந்தில் ஒருவருக்குத்தான் முழுதாக வந்தது, மற்றவர்கள் தடுக்கியது சர்வீஸ் டிபார்ட்மென்டுகள் ஒன்றுக்கொன்று செலவைப் பகிரும் இடத்தில். வாடகைக்குத் தரைப்பரப்பு, மின்சாரத்துக்கு குதிரைத்திறன், கேன்டீனுக்கு ஆட்கள் எண்ணிக்கை என்று அடிப்படையை முதலில் ஓரத்தில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

ஹால்ஸி–ரோவன் குழம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. குறித்த நேரம் 10 மணி, எடுத்த நேரம் 8 மணி, மணிக்கு ரூ.40. அடிப்படைக் கூலி 320. ஹால்ஸியில் மிச்சமான 2 மணியில் பாதிக்குக் கூலி, 40, மொத்தம் 360. ரோவனில் மிச்ச நேரம் ÷ குறித்த நேரம், அதை அடிப்படைக் கூலியால் பெருக்கினால் 64, மொத்தம் 384. பீஸ் ரேட் என்றால் என்ன என்று முக்கூடலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அம்மா ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி வாங்குகிறார்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு மார்க்கை நாம் யாரும் விடக் கூடாது.

நாலும் ஐந்தும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. பழைய பாடத்திட்டத்தில் கான்ட்ராக்ட்டும் பிராசஸும் ஒரே யூனிட், ஐந்தாவது மார்ஜினல் காஸ்டிங். நமக்கு மார்ஜினல் ஆறாம் செமஸ்டருக்குப் போய்விட்டது, அதனால் அந்தக் கேள்விகளை எண்ணவே இல்லை. ஏழு தாளிலும் எட்டு மார்க் 'கான்ட்ராக்ட் அல்லது பிராசஸ்' என்றே இருந்தது. அக்காக்கள் ஒன்றைப் படித்தே தப்பித்தார்கள். நமக்கு அந்த வழி இல்லை, இரண்டும் கட்டாயம். அல்லதுக்கு இரண்டு பக்கமும் கான்ட்ராக்டாகவே வரும்போது எப்படிக் கேட்பார்கள் என்று சொல்லப் பழைய தாளில் ஆதாரம் இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் சேர்த்து 16 மணி.

கான்ட்ராக்ட்டில் ஏழில் ஐந்து கணக்கு முடியாத கான்ட்ராக்ட். வேலை கால் பங்குக்குக் குறைவு என்றால் லாபம் எடுப்பதில்லை. கால் முதல் பாதிக்குள் என்றால் நோஷனல் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதிக்கு மேல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் வந்த பணம் ÷ சான்றளித்த வேலை என்பதால் பெருக்கணும். பிராசஸில் ஏழில் ஆறு கணக்கில் நார்மல் இழப்பு இருக்கிறது, அதில் இரண்டில் அப்நார்மல் கெயினும் உண்டு. இழப்பு இல்லாத கணக்கைப் போட்டுப் பழகி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஜாயின்ட் பிராடக்ட், பை-பிராடக்ட் வரிசையில் எண்ணுக்குப் பதில் '–' என்றுதான் போட்டிருக்கிறேன், பூஜ்யம் இல்லை. புதிதாகச் சேர்த்த தலைப்பு, பழைய தாளில் இருக்கவே வழியில்லை. சேர்த்த வருஷமே ஒன்றாவது கேட்பார்கள் என்று நினைத்து 3 மணி வைத்திருக்கிறேன். அம்பைக்கு இது வீட்டுப் பக்கத்து ரைஸ் மில். நெல் அரைத்தால் அரிசிக்காகத்தான் மில் ஓடுகிறது. தவிடும் உமியும் கூடவே வருகின்றன, அவற்றை விற்ற பணம் அரிசியின் அடக்கத்தில் கழிகிறது. அவள் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் அரை மணி நேரம் இதைச் சொல்லட்டும்.

அ பிரிவுக்கான 3 மணியை ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்காதீர்கள். தினமும் பஸ்ஸில் பத்து நிமிஷம். சேரன்மகாதேவியிலிருந்து ஜங்ஷன் வருவதற்குள் ஒரு யூனிட்டின் ஒரு மார்க் கேள்விகளை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

18-ஆம் நாள் காலை 10 மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் முழுத் தாள், மூன்று மணி நேரம். கேள்விகளை நான் 2017, 2023 தாள்களிலிருந்து கலந்து எழுதிவைக்கிறேன், நாலு, ஐந்து யூனிட்டுகளைப் புதிய முறையில் மாற்றி. ஆளுக்கொரு கால்குலேட்டர் கொண்டு வாருங்கள், செல்போன் கீழே அம்மாவிடம் இருக்கும். திருத்தி முடித்ததும் சார்ட்டின் நாலாவது பத்தியை அழித்துப் புதிதாக எழுதுவோம், மிச்சமிருக்கும் இரண்டு நாள் அதன்படிதான்.