அம்மாவுக்கு, துபாயிலிருந்து

அம்மா,

இன்னிக்கு அன்னையர் தினமாம். எல்லாரும் ரோஜாப்பூ படம் அனுப்பறாங்க. உன் போன்ல அது டவுன்லோடே ஆகாது, அதான் எழுதறேன்.

நீ கொடுத்தனுப்பின கொத்தமல்லிப் பொடி இன்னும் கால் டப்பா இருக்கு. நேத்து கத்திரிக்காய்க் குழம்பு வெச்சேன். இங்க கிடைக்கிறது கறுப்பா வழவழன்னு இருக்கு, நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குக் கிட்டக்கூட வராது. அவசரத்துல முதல்லயே புளியை ஊத்திட்டேன், காய் வேகவே இல்ல. நீ ஏன் எண்ணெயில நல்லா வதக்கிட்டு அப்புறமா புளி விடறேன்னு இப்பத்தான் புரிஞ்சுது. இத்தனை வருஷமா தட்டுல போட்டதைச் சாப்பிட்டேனே தவிர, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கலையே!

அக்னி நட்சத்திரம் நடக்குது. வேலூர் வெயிலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரியில தண்ணி சீக்கிரம் இறங்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். போர் தண்ணியில உப்பு, பேட்டரி வீணாயிடும். நீ குனிஞ்சு ஊத்த வேணாம், எதிர்வீட்டுத் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். சுவிட்சை அணைச்சிட்டு, மேல் கோடு வரைக்கும் ஊத்தினா போதும்.

பிரஷர் மாத்திரையைப் பூஜை ஷெல்ஃப்ல வைக்காதே, விளக்குச் சூடு படுது. காபி டப்பா பக்கத்துல வை, காலையில தானா ஞாபகம் வரும்.

ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடறேன், இங்க ஏழு மணி. சீரியலை நிறுத்த வேணாம், ஓடட்டும். அந்தச் சத்தமும் கேக்கணும் போல இருக்கு.

உன் பெரியவன்