பந்தியில் ஒருவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால்

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் மண்டபத்தில் பரிமாற வரும் தம்பிகளுக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கப்போகும் நம் வீட்டு ஆட்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். ஆம்பூர் பிரியாணி போடுகிறோம், கறித்துண்டு பெரிசாக இருக்கும், பல் செட் வைத்த பெரியவர்கள் நிறைய பேர் வருகிறார்கள், பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவசரமாகச் சாப்பிடுவார்கள். தொண்டையில் அடைத்துக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டேன். இதற்கு மருந்தோ மெஷினோ எதுவும் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்வதென்று தெரிந்தால் போதும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அவரிடமிருந்து சத்தம் வருகிறதா என்பது. இருமல் பலமாக வருகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, முகம் சிவக்கிறது, ஆனால் நடுவில் ஒரு வார்த்தையாவது பேசுகிறார், மூச்சு இழுக்கிறார் என்றால் காற்று போய்வர வழி இருக்கிறது, பாதிதான் அடைத்திருக்கிறது. நாம் புரை ஏறிவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அப்போது முதுகில் அடிக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கச் சொல்லாதீர்கள். "இருமுங்க, நல்லா இருமுங்க" என்று சொல்லிக்கொண்டு கூடவே நில்லுங்கள். அந்த இருமலுக்கு இருக்கும் பலம் நம் கைக்குக் கிடையாது. உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வழக்கம், ஆனால் தலையில் தட்டுவதால் தொண்டையில் இருப்பது நகராது. சில நிமிடம் இருமியும் போகவில்லை, மூச்சு விடச் சிரமப்படுகிறார் என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சத்தம் நின்றுவிட்டால் அது வேறு கதை. இருமப் பார்க்கிறார், வாய் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை. பேச்சு இல்லை. இரண்டு கையும் தானாகக் கழுத்துக்குப் போகும், கண் அகலமாகும், கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும். "தொண்டை அடைச்சிக்கிச்சா?" என்று நேராக முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினால் முழு அடைப்பு. லேசாகக் கீச்சென்று சத்தம் மட்டும் வந்து இருமலுக்குப் பலமே இல்லாமல் போனாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குக் காற்று போகாமல் நாலைந்து நிமிடம்கூடத் தாங்காது, ஆம்புலன்ஸ் வரும்வரை வெறுமனே நிற்க நேரமில்லை.

என் சித்தப்பா ஒரு காதுகுத்துப் பந்தியில் இப்படித்தான் சத்தமே போடாமல் இலையை விட்டு எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். நாலு பேர் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். வாந்தி எடுக்கப் போகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. குனிய வைத்து முதுகில் அடித்தேன், மூன்றாவது அடியில் ஒரு கொழுப்புத்துண்டு வெளியே விழுந்தது, கட்டைவிரல் அளவுதான். அதனால் சொல்கிறேன், சாப்பிடும்போது யாராவது வாயைப் பொத்திக்கொண்டு திடீரென்று எழுந்து போனால் பின்னாலேயே ஒருவர் போங்கள்.

சரி, முழு அடைப்பு என்று தெரிந்துவிட்டது. ஒருவர் 108-க்குப் போன் போடட்டும், மண்டபத்தின் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் தெளிவாகச் சொல்லட்டும். நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நின்று, ஒரு கையை நெஞ்சில் தாங்கலாக வைத்து அவரை நன்றாக முன்பக்கம் குனிய வையுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது அடித்தால் துண்டு உள்ளே இறங்கிவிடலாம். இன்னொரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதாவது மணிக்கட்டை ஒட்டிய கெட்டியான இடம், அதால் இரண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவில் பலமாக 5 அடி. தட்டிக்கொடுப்பது மாதிரி இருக்கக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் துண்டு வந்துவிட்டதா என்று பாருங்கள், வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

வரவில்லையா, பின்னால் போய் நில்லுங்கள், ஒரு காலை அவர் கால்களுக்கு நடுவில் வைத்தால் அவர் சரிந்தாலும் தாங்கலாம். இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றி வளைத்து, ஒரு கையை முஷ்டியாக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். நெஞ்செலும்பின் நுனியிலும் விலாவிலும் படக் கூடாது. இன்னொரு கையால் அந்த முஷ்டியைப் பிடித்து, வெடுக்கென்று உள்ளேயும் மேலேயும் இழுங்கள். இப்படி 5 தடவை. அப்புறம் திரும்பவும் முதுகில் 5, வயிற்றில் 5. துண்டு வரும்வரை, அல்லது அவர் மயங்கும்வரை, மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எழுப்ப நேரம் கழிக்காமல் பின்னால் மண்டிபோட்டும் செய்யலாம்.

கர்ப்பிணிக்கும், கை சுற்றி எட்டாத அளவுக்குப் பெரிய உடம்புக்காரருக்கும் வயிற்றில் செய்யக் கூடாது. முதுகு அடி அதேதான். வயிற்றுக்குப் பதிலாக அக்குள் வழியாகக் கையை விட்டு, முஷ்டியை நெஞ்செலும்பின் நடுவில் வைத்து, நேராகப் பின்பக்கம் இழுங்கள். இன்னொன்று, பெண்கள் என்றால் பட்டுப்புடவையில் இருப்பவரைத் தொடலாமா என்று ஆண்பிள்ளைகள் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள் தம்பி. "அக்கா, நான் உதவி பண்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

மயங்கி விழுந்துவிட்டால் தலை அடிபடாமல் தாங்கி, தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு 108-இல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்குங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. அதே அமுக்கலே சில நேரம் துண்டை வெளியே தள்ளும். செயற்கை மூச்சு தெரிந்தவர் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு கொடுக்கலாம், தெரியாதவர் நிறுத்தாமல் அமுக்கினால் போதும். மூச்சு கொடுக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் ஆழமாகப் போய்விடும்.

தனியாக இருக்கும்போது உங்களுக்கே நடந்தால் முதலில் ஆள் இருக்கும் பக்கம் ஓடுங்கள். யாரும் இல்லையென்றால் 108-ஐப் போட்டு போனை ஆன் செய்தே வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகிலோ சமையல் மேடை விளிம்பிலோ தொப்புளுக்கு மேல் பகுதியை வைத்து வேகமாகச் சாய்ந்து அழுத்துங்கள்.

துண்டு வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. வயிற்றை அப்படி இழுத்திருந்தால் உள்ளே அடிபட்டிருக்கலாம், அதனால் அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். இருமல் நிற்காமல் இருந்தாலும், விழுங்கும்போது வலித்தாலும், ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தாலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமைக்கு என் மாமா காரைச் சாவியோடு மண்டப வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு முதலில் போய்விடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்க வரும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நிற்கும் முறையையும் கை வைக்கும் இடத்தையும் காட்டித் தருகிறேன். ஆனால் விளையாட்டுக்குக்கூட ஒருவர் வயிற்றை இன்னொருவர் நிஜமாக இழுத்துப் பார்க்க வேண்டாம்.