ஒரே ஒரு வாக்கியத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், டீச்சர்

அன்பும் மதிப்பும் மிகுந்த டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 2008-இல் மன்னார்குடியில் உங்களிடம் பிளஸ் டூ ஆங்கிலம் படித்த செல்வி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேருந்து வராத நாட்களில் இரண்டாவது பாடவேளைக்கு நனைந்த புடவைத் தலைப்போடு அம்மாவைத் துணைக்கு அழைத்து வந்து வகுப்பு வாசலில் நிற்பவள் என்றால் உங்களுக்கு நினைவு வரக்கூடும். உங்கள் தெருவில் குடியிருக்கும் என் வகுப்புத் தோழி இந்த எண்ணைக் கொடுத்தாள். உங்களுக்குக் கண்புரை அறுவை முடிந்து சில வாரங்களே ஆகின்றன என்றும் சொன்னாள். அதனால் இதை நீங்களே படிக்க வேண்டாம். பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் இப்போது மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் தம்பிக்கு மே மாதம் பட்டமளிப்பு விழா. வீட்டிலிருந்து ஒருவராவது போக வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவதால் மூன்று வார விடுப்பில் போய் வர அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை நேர்காணல். அங்கே சொல்லவிருக்கும் பதில்களில் ஒரே ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியா என்பதை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். மற்ற பதில்களை நான் எழுதியே வைத்துக்கொள்ளவில்லை. மனப்பாடம் செய்தது முகத்தில் தெரிந்துவிடும் என்று நீங்கள் பேச்சுப்போட்டிக்கு முன்னால் எச்சரித்தது இன்னும் காதில் இருக்கிறது. இந்த ஒன்று மட்டும் தவறாமல் வர வேண்டும்.

"மஸ்கட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால் நான் சொல்ல நினைப்பது இதுதான்:

"ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஆஸ் எ டயாலிசிஸ் நர்ஸ் இன் த சேம் ஹாஸ்பிட்டல் சின்ஸ் மார்ச் 2019, எக்ஸெப்ட் ஃபார் ஃபைவ் மந்த்ஸ் ஆஃப் மெட்டர்னிட்டி லீவ் இன் 2022."

இந்த ஒரு வாக்கியத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீங்கள் நினைக்கலாம். விசிட்டர் விசா கேட்பவர் எவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அந்நாட்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் எடுத்துக்கொள்ளுமாம். அப்படி இல்லை, எனக்குத் திரும்பி வரக் காரணம் இருக்கிறது என்று காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. பேச்சு பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. திரும்பி வர எனக்கு இருக்கும் காரணங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் என் அம்மாவிடம் வளரும் மகனும், குறுவைக்கு நாற்று விடத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் கணவரும், இங்கே மஸ்கட்டில் இருக்கும் இந்த வேலையும்தான். ஆகவே வேலை இன்னும் இருக்கிறது என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்தாக வேண்டும்.

சென்ற வாரம் தம்பி தொலைபேசியில் அதிகாரியைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு கேள்வி கேட்டுப் பார்த்தான். நான் பதற்றத்தில், "ஐ வொர்க்ட் இன் மஸ்கட் ஃபார் செவன் இயர்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அவன் சட்டென்று, "சரி, இப்போது எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டான். முதலில் சிரித்தேன். பிறகு அவன் கேட்டதில் தவறில்லை என்று புரிந்தது. வேலையை விட்டுவிட்டு வந்தவள் பேசுவதைப் போலத்தான் அந்த வாக்கியம் இருந்தது.

அப்போதுதான் நீங்கள் கரும்பலகையில் எழுதிய பாமணி ஆற்று வாக்கியம் நினைவுக்கு வந்தது. மேட்டூர் திறந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வந்த ஒரு ஜூன் மாதம், "வாட்டர் ஹேஸ் பீன் ஃப்ளோயிங் இன் த பாமணி சின்ஸ் ஃபிரைடே" என்று எழுதிவிட்டு, "தண்ணீர் வந்தது என்று மட்டும் சொன்னால் கேட்பவன் ஆறு வற்றிவிட்டதா என்று கேட்பான்" என்றீர்கள். 'சின்ஸ்' தலைமதகு, 'ஃபார்' வாய்க்காலின் நீளம் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்த பிறகு அவ்விரண்டையும் நான் மாற்றிப் போட்டதே இல்லை. தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்' என்றால் அந்த 'ஆக' முழு நீளத்தையும் சுமந்துகொள்கிறது. வினை நிகழ்காலத்தில் நின்றால் போதும். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்துத்தான் இங்கே நம்மவர்கள் பலர் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் செவன் இயர்ஸ்" என்கிறார்கள். நானும் முதல் ஓராண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே வாக்கியத்தின் முதல் பாதியில் எனக்கு ஐயம் இல்லை. ஐயமெல்லாம் 'எக்ஸெப்ட் ஃபார்' என்ற இடத்திலிருந்துதான். என்னோடு பணிபுரியும் கோட்டயத்து அக்கா ஒருவர், எங்கள் பிரிவில் மூத்தவர், ஆங்கிலத்தில் என்னைவிடத் தேர்ந்தவர், இது தவறு என்று உறுதியாகச் சொல்கிறார். 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றால் இடைவிடாமல் நடந்தது என்று பொருள். இடையில் ஐந்து மாதம் விட்டுப் போனதாக அதே மூச்சில் சொன்னால் வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. அதனால் 2019 முதல் 2022 வரை ஒன்று, 2023 முதல் இன்றுவரை ஒன்று என இரண்டு வாக்கியமாக உடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எனக்கு அது ஒப்பவில்லை. அதற்கு இலக்கண நூலிலிருந்து காரணம் காட்ட எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கும் வேலையிலிருந்துதான் காட்ட முடிகிறது. எங்கள் நோயாளிகள் பெரும்பாலோர் வாரத்துக்கு மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பவர்கள். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் டயாலிசிஸ் நடக்கிறது. ஆனாலும் அவர்களைப் பற்றி டாக்டரிடம் சொல்லும்போது "ஹி ஹேஸ் பீன் ஆன் டயாலிசிஸ் சின்ஸ் 2020" என்றுதான் சொல்கிறோம். எவரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. இரவுப் பணி முடிந்து ஒப்படைக்கும்போது "பேஷண்ட் ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் ஃபோர் ஏ.எம்." என்றால் நான்கு மணியிலிருந்து வாயை மூடாமல் வாந்தி எடுத்தார் என்று யாரும் நினைப்பதில்லை, இன்னும் நிற்கவில்லை, உடனே பாருங்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். "வாமிட்டட் அட் ஃபோர்" என்றால் டியூட்டி டாக்டர் தேநீரைக் குடித்துவிட்டு வருவார். நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போதும் அப்படித்தானே, டீச்சர்? நடுவில் சில நாள் வாய்க்கால் காய்ந்து கிடந்தாலும் 'ஜூனிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். இடைவெளி இருக்கலாம், தொடர்ச்சி அறுந்திருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் காலத்தின் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வேலையை விட்டு விலகவில்லை. விடுப்பில் ஊருக்கு வந்து, மகன் பிறந்தபின் அதே பிரிவுக்குத் திரும்பினேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லைத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அடுத்த மார்ச்சில் விமானம் ஏறியவள் இன்றுவரை ஒரே இடத்தில்தான் இருக்கிறேன்.

அப்படியானால் அந்த ஐந்து மாதத்தைச் சொல்லாமலே விடலாமே என்று தம்பி கேட்கிறான். விடலாம்தான். விண்ணப்பப் படிவத்தில் இப்போதைய வேலை தொடங்கிய நாளைத்தான் கேட்டார்கள். மார்ச் 2019 என்று நிரப்பியிருக்கிறேன், அது உண்மை. ஆனால் என் பாஸ்போர்ட்டில் அந்த ஐந்து மாதமும் முத்திரையாக இருக்கிறது. அவர்கள் கேட்டு நான் விளக்குவதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு நிம்மதி. அதிகாரிக்கு இது தேவையில்லாத தகவலாக இருக்கலாம். அதைப் பற்றி உங்கள் கருத்து வேறாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

சிறிய ஐயங்கள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றை நானே தீர்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மருத்துவமனை தந்த சான்றிதழில் "ஃப்ரம் மார்ச் 2019 டு டில் டேட்" என்று இருக்கிறது. அதையே பேச்சிலும் சொல்லச் சொன்னார்கள். 'டு', 'டில்' இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது இரண்டையும் சேர்ப்பது ஒரே ஏரில் இரண்டு கலப்பை பூட்டுவதாகத் தோன்றியதால் 'சின்ஸ்' போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்ததாக, விடுப்பைப் பற்றிக் கேட்டால் "மை லீவ் இஸ் சாங்ஷன்ட்" என்று சொல்லவிருந்தேன். நம் அலுவலகங்களில் இது அன்றாடச் சொல். ஆனால் 'சாங்ஷன்' என்றால் தண்டனைத் தடை என்றும் பொருள் உண்டு என்பதால் 'அப்ரூவ்ட்' என்று மாற்றிக்கொண்டேன்.

ஆக, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பதோடு 'எக்ஸெப்ட் ஃபார்' சேர்ந்து ஒரே வாக்கியத்தில் நிற்கலாமா? நிற்கலாம் என்றால், அது இப்போது இருப்பதுபோல் கடைசியில் வருவது சரியா, அல்லது 'சின்ஸ் மார்ச் 2019' என்பதுதான் வாக்கியத்தின் முடிவாக இருக்க வேண்டுமா? பேசும்போது காற்புள்ளி காதில் விழாது என்பதால், '2019'-க்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் காதை நான் முழுவதும் நம்பவில்லை. 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பதற்குப் பதிலாக 'ஹேவ் வொர்க்ட்' என்று வைத்தால் கோட்டயத்து அக்காவின் மறுப்பு தானாக நீங்கிவிடுமா, அல்லது வேலை முடிந்துபோனது போன்ற வாடை மறுபடியும் வந்துவிடுமா என்பதையும் சொல்லுங்கள்.

எழுத வேண்டாம், டீச்சர், கண்ணுக்குச் சிரமம். குரல் செய்தியாக வாக்கியத்தை ஒரு முறை நீங்களே சொல்லி அனுப்பினால் போதும். ஞாயிறு இரவு வரை எனக்குப் பகல் பணி. இங்கே மாலை ஏழரை என்றால் அங்கே ஒன்பது மணி ஆகியிருக்கும், ஆகவே உங்களுக்கு உறக்கம் வருமுன் எப்போது அனுப்பினாலும் சரி. திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. நீங்கள் சொல்லும் விதத்திலேயே அன்று முழுவதும் சொல்லிப் பார்த்துவிடுவேன்.

என்றும் உங்கள் மாணவி,
செல்வி
மஸ்கட்