மனு டீச்சர் பேச வருகிறார்

(கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு கிராம நூலகம். ஜூன் 19, வாசிப்பு நாள் கூட்டம். பேச்சாளரை அறிமுகம் செய்து நூலகச் செயலாளர் பேசியது.)

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்தில் நூலக இயக்கத்தைக் கட்டியெழுப்பிய பி. என். பணிக்கரின் நினைவு நாள் இன்று. ஆண்டுதோறும் இந்த நாளில் ஒரு கதாசிரியரையோ கவிஞரையோ அழைப்போம். இந்த முறை மனு எழுதுகிற ஒருவரை அழைத்திருக்கிறோம். செயற்குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

டீச்சரின் பெயரை அழைப்பிதழில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வடகரப்பதியிலோ எருத்தேம்பதியிலோ அந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். 'மனு டீச்சர்' என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். சிற்றூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் 24 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். ஓய்வுபெற்று 11 ஆண்டுகள் ஆகின்றன. அன்று தொடங்கிய ஒரு பதிவேடு அவரிடம் இருக்கிறது. எழுதிய மனுக்கள் 612, பதில் வந்தவை 388. மீதியை அவர் தோல்விக் கணக்கில் எழுதவில்லை, 'நினைவூட்ட வேண்டியவை' என்று தலைப்பிட்டு வைத்திருக்கிறார்.

ஒரு மனுவின் கதையை மட்டும் சொல்கிறேன். தன் நிலத்தின் எல்லையை அளந்து தரும்படி ஒரு விவசாயி தமிழில் எழுதிக் கொடுத்தார். 'மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரவும்' என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அது திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். நானாக இருந்தால் மலையாளம் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து எழுதி வாங்கிக் கொடுத்திருப்பேன். வேலை முடிந்தால் போதுமே! டீச்சர் அதைச் செய்யவில்லை. அதே மனுவின் மேல் தமிழில் ஒரு சிறு கடிதம் வைத்தார். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. எந்தக் குடிமகனும் தன் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. கடிதத்தில் இருந்தவை இந்த இரண்டும்தான். குற்றச்சாட்டு ஒரு சொல்கூட இல்லை. 19ஆம் நாள் பதில் வந்தது, தமிழில். நான்கு எழுத்துப்பிழைகள் இருந்தன. தமிழ் டீச்சர் அவற்றைச் சுட்டிக்காட்டாமல் நன்றிக் கடிதம் அனுப்பினார். 24 ஆண்டுகள் சிவப்பு மை பிடித்த கைக்கு அது எளிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் மனு எழுதும் முறையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வந்தவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டார். பிறகு மூன்று கேள்விகள்: யாரிடம் கேட்கிறீர்கள், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும்? இதற்குப் பதில் வந்த பிறகுதான் கணினியின் முன் உட்கார்வார். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, அதுவும் முதல் வரியில். அச்செடுத்ததும் வந்தவரையே உரக்கப் படிக்கச் சொல்வார். அவர் எங்கே திணறுகிறாரோ அந்த வாக்கியம் போய்விடும். 'ஏழை எளியவனாகிய நான் தங்கள் திருவடிகளில் பணிந்து' என்ற வகை வரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். ஒருமுறை ஒரு பாட்டி, "நாலு வரி அழுது எழுதினால்தானே அம்மா இரங்குவார்கள்?" என்று கேட்டார். "நீங்கள் கேட்பது உங்களுக்குச் சேர வேண்டியது. அதை வாங்க எதற்கு அழ வேண்டும்? ரசீது எண்ணை எழுதுவோம்" என்றார் டீச்சர். பாட்டிக்கு முதியோர் ஓய்வூதிய நிலுவை வந்தது. ஆனாலும் அழுதிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்றுதான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி அந்தச் சொற்பட்டியல். நம் ஊர்க்காரர்கள் அரசு அலுவலகத்தில் தடுமாறுவது பெரும்பாலும் தெரியாத சொற்களால் அல்ல, தெரிந்த சொற்களால் என்பது டீச்சரின் கண்டுபிடிப்பு. 'போக்குவரவு' என்று நோட்டீஸ் வந்தால் நாம் பஸ்ஸைப் பற்றி என்று நினைக்கிறோம். அது நிலத்தின் பெயர் மாற்றம், எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டா மாறுதல் என்பார்களே, அதுதான். 'வெள்ளக்கரம் அடைக்கணம்' என்றால் வெள்ளம் வந்ததா, எதை அடைப்பது என்று விழிக்கிறோம். தண்ணீர் வரி கட்டச் சொல்கிறார்கள். 'அவகாசம்' என்பதைக் காலக்கெடு என்று எடுத்துக்கொண்டு, நேரம் இருக்கிறது என நிம்மதியாக வீட்டில் இருந்தவர்கள் உண்டு. மலையாளத்தில் அதற்கு உரிமை என்று பொருள். இப்படி 340 சொற்களைப் பொருளோடும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் தொகுத்திருக்கிறார். சொற்களை மனு கொண்டுவந்தவர்களின் காகிதங்களிலிருந்தே எடுத்தார். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கியிருந்த பணத்தில் இந்தப் பட்டியலை 200 படிகள் அச்சிட்டிருக்கிறோம். யோசனை டீச்சருடையது. வாசல் மேசையில் இருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய உரையின் தலைப்பு 'உங்கள் மனுவை நீங்களே எழுதுங்கள்'. இதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நூலகத்திலேயே மனு எழுதித் தர ஓர் ஆளைப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆள் போட்டால் ஆள் வரும் நாள் வரை மனு காத்திருக்கும் என்பது அவர் கட்சி. பேச்சு முடிந்ததும் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி நேரத்துக்குச் சில ஏற்பாடுகள். டீச்சருக்குப் பார்வை இல்லை. அதனால் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஏதாவது நோட்டீஸ் கொண்டுவந்திருந்தால் காட்டாமல் படித்துச் சொல்லுங்கள். அவர் ஏதாவது கேட்டால் தலையாட்டாமல் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். குறிப்புகளை பிரெய்லில் வைத்திருக்கிறார், படிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் மைக்கை ஸ்டாண்டில் பொருத்தியிருக்கிறோம். யாரும் நகர்த்த வேண்டாம். நம் கூரை தகரம். மழை பிடித்தால் நீங்கள் கேட்பது அவருக்கும் கேட்காது, அவர் சொல்வது உங்களுக்கும் கேட்காது. அப்போது பத்து நிமிடம் நிறுத்தி டீ குடிப்போம். நம் பக்கத்து மழை அதற்குமேல் நீடிக்காது என்ற நம்பிக்கையில்தான் கூட்டத்தையே ஜூனில் வைத்திருக்கிறோம்.

தொலைபேசியில் டீச்சர் எனக்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். "முதல் வரியிலேயே விஷயத்துக்கு வாருங்கள்" என்றும் சொல்லியிருந்தார். இரண்டிலும் தவறிவிட்டேன்.

டீச்சர், மைக் உங்களுக்கு நேர் முன்னால் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. தண்ணீர் டம்ளர் வலக்கைப் பக்கம், சொற்பட்டியல் இடப்பக்கம். அரங்கில் ஏறக்குறைய 70 பேர் இருக்கிறோம், பின்வரிசையில் உங்கள் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர். பேசுங்கள்.