விடுப்பு வேண்டி: 12.11.2025 புதன் முதல் 14.11.2025 வெள்ளி வரை, 3 நாள்

வணக்கம்ங்கண்ணா. அக்கவுண்ட்ஸ் கவிதா. தேதி 06.11.2025 வியாழன்.

அம்மாவுக்கு வலது கண்ணுல புரை ஆபரேஷன் கோயம்புத்தூர் அரவிந்த்ல 12ஆம் தேதி புதன்கிழமை வச்சிருக்காங்க. அன்னிக்கு, மறுநாள் கட்டு பிரிச்சு டாக்டர் பாக்கற 13, அப்புறம் வீட்ல சொட்டு மருந்து போட ஆள் வேணும்ங்கறதால 14, ஆக 3 நாள் லீவு வேணும்ங்க. 15ஆம் தேதி சனிக்கிழமை காலைல 9 மணிக்கு வேலைக்கு வந்துடுவேன்.

நேத்து சாயங்காலம் நேர்லயே சொன்னேன், நீங்களும் போயிட்டு வாம்மான்னு சொன்னீங்க. ஆனா அப்ப கண்டெய்னர் லோடு ஏத்திட்டு இருந்த அவசரம், மாசக் கடைசில சம்பளம் போடறப்ப எந்த தேதி எத்தன நாள்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்காது எனக்கும் இருக்காது, அதான் எழுத்துல போட்டுடறேன். ஆபீஸ் குரூப்ல போடல, அம்மா உடம்பு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டாம்னுதான். குரூப்ல 12 டு 14 கவிதா லீவுன்னு மட்டும் நீங்களோ சூப்பர்வைசர் அண்ணனோ போட்டா போதும்ங்க.

லீவு கணக்கு: லெட்ஜர்படி எனக்கு இந்த வருஷம் 2 சிஎல் பாக்கி இருக்கு. 12, 13 ரெண்டும் சிஎல்ல கழிச்சுக்கோங்க, 14 மட்டும் லாஸ் ஆஃப் பே. ஞாயித்துக்கிழமை வந்து ஈடு பண்ணிக்கறேன்னு வாய்க்கணக்கு வச்சுக்க வேண்டாம்ங்கண்ணா, அது கடைசில யாருக்கும் கணக்கு வர்றதில்ல.

வேலை விஷயம். நாளைக்கு 7ஆம் தேதி டிடிஎஸ் சலான் கட்டிடறேன். அக்டோபர் பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டுக்கும் 15 வரைக்கும் டைம் இருக்கு, ஆனா கடைசி நாள் சைட் திணறும், அதனால 10ஆம் தேதி திங்கக்கிழமையே முடிச்சுடறேன். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11 செவ்வாய், அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஃபைல் பண்ணிடலாம். ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வரும், அதனால அன்னிக்கு 12 மணில இருந்து 2 மணி வரைக்கும் கொஞ்சம் போன் கைல வச்சுக்கோங்க, டையிங் பக்கம் போனா டவர் கிடைக்கறதில்ல. 3பி 20ஆம் தேதிதான். 2பி 14 அன்னிக்கு வந்துடும், நான் சனிக்கிழமை வந்து பர்ச்சேஸ் பில்லோட ஒத்துப் பாத்துக்கறேன்.

அந்த 3 நாள்ல டிசி, இன்வாய்ஸ் போட பேக்கிங் செல்வி அக்காகிட்ட சொல்லிக் குடுத்துடறேன், அவங்க டிசி ஏற்கனவே போட்டுருக்காங்க. தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சத்துக்கு மேல பில் போனா இ-வே பில் கட்டாயம், அத மட்டும் அவங்களா போட வேண்டாம், வண்டி நம்பரோட எனக்கு வாட்ஸ்அப் பண்ணச் சொல்லுங்க, ஆஸ்பத்திரில உக்காந்தே போட்டு அனுப்பறேன். புதன்கிழமை காலைல 7ல இருந்து மத்தியானம் வரைக்கும் மட்டும் என்னால போன் எடுக்க முடியாது, அந்த நேரத்துக்குப் பெரிய லோடு இருந்தா செவ்வாய் ராத்திரியே சொல்லிடுங்க.

பெரிய விஷயம் சனிக்கிழமை வாரச் சம்பளம்தான். பீஸ் ரேட் நோட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மூடிடணும். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் எல்லா பக்கத்தையும் சூப்பர்வைசர் அண்ணன் கையெழுத்தோட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ராத்திரி வீட்ல உக்காந்து எக்செல்ல ஏத்தி வச்சுடறேன். கைமடி ஆளுங்களுக்கு ஷிப்ட் கணக்கு தனி நோட்டு, அது போன வாரம் மாதிரி விட்டுப் போகாம பாத்துக்கச் சொல்லுங்க. பணம் பேங்க்ல எடுக்க செக் 11ஆம் தேதியே எழுதி வச்சுடறேன், தொகை மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்றேன், நீங்க நிரப்பிக் கையெழுத்து போட்டுக்கோங்க.

ஒருவேள அம்மாவுக்கு சுகர் அதிகமா இருந்து ஆபரேஷன தள்ளி வச்சாங்கன்னா அன்னிக்கே மெசேஜ் போட்டுடறேன், அப்ப மீதி நாளுக்கு லீவு எடுக்காம வேலைக்கு வந்துடுவேன். புதுத் தேதிக்குத் தனியா எழுதிக் கேக்கறேன், இதையே அதுக்கும் வச்சுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸ் சனிக்கிழமை குடுத்துடறேன்.

நீங்க வாய்ஸ் நோட் போடாம "12 முதல் 14 வரை லீவு சரி, 2 சிஎல், 1 லாஸ் ஆஃப் பே"ன்னு டைப் பண்ணி அனுப்புங்க ப்ளீஸ், வாய்ஸ்ல இருந்தா பின்னாடி தேடி எடுக்க முடியறதில்ல. இந்த சாட்ல மெசேஜ் 90 நாள்ல தானா அழியற மாதிரி செட்டிங் இருக்கு, அதனால உங்க பதிலும் இதுவும் சேர்த்து பிரிண்ட் எடுத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ஒட்டிடறேன்.

நன்றிங்கண்ணா.
கவிதா, அக்கவுண்ட்ஸ்

இன்னொன்னு சொல்ல விட்டுட்டேன்ங்கண்ணா, ஆபீஸ் பீரோ சாவி 11 சாயங்காலம் அண்ணிகிட்ட குடுத்துட்டுப் போறேன். டேலி பாஸ்வேர்ட் இதுல போடல, நேர்ல சொல்றேன்.